விடுப்பில் வரும் சிப்பாய்: போர்ப் படங்களை எடைபோட ஓர் உரைகல்

2019 ஜனவரியில் மும்பையில் இந்தியத் திரைப்பட தேசிய அருங்காட்சியகத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். அவ்விழாவில் கூடியிருந்த திரையுலகினரை நோக்கி அவர் ஒரு கேள்வியை எழுப்பினார். அப்போது திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த ‘உரி’ படத்தில், தாக்குதலுக்குப் புறப்படும் வீரர்களிடம் அவர்களது தளபதி உற்சாகம் எப்படியிருக்கிறது என்று கேட்கும் அதே கேள்விதான் அது. அரங்கம் படத்தின் வீரர்களைப் போலவே ஒரே குரலில் பதிலளித்தது. ஒரு திரைப்பட வசனம் அரசின் முழக்கமாக மாறுவதற்குச் சில நாட்களே தேவைப்பட்டன. நாடாளுமன்றத் தேர்தலுக்கு அப்போது சில மாதங்களே இருந்தன.

போரைக் கொண்டாடும் படங்களை இடதுசாரிகள் விமர்சிக்கும்போதெல்லாம் ஒரு மறுமொழி தவறாமல் வருகிறது. “அந்தப் படங்களிலும் மரணம் காட்டப்படுகிறதே, விதவையின் கண்ணீர் காட்டப்படுகிறதே, தாயின் ஏக்கம் காட்டப்படுகிறதே, அவற்றை எப்படிப் போர்வெறிப் படங்கள் என்பீர்கள்?” என்பதே அந்த மறுமொழி. இதை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. போரின் மனித விலையைச் சொல்லும் படத்தையும், அந்த விலையையே விளம்பரமாக்கும் படத்தையும் பிரித்தறிய இரத்தத்தின் அளவோ கண்ணீரின் அளவோ உதவுவதில்லை. வேறோர் உரைகல் வேண்டும். அது பல படங்களில் ஒரே இடத்தில் கிடைக்கிறது. சிப்பாய்க்கு விடுப்பு கிடைக்கும்போது படம் என்ன செய்கிறது என்பதே அந்த இடம்.

உயிரோடிருந்தவர்களைக் கொன்ற படம்

முதலில் கண்ணீரின் கணக்கைப் பார்ப்போம். ஜே.பி. தத்தா இயக்கிய ‘பார்டர்’ என்ற இந்திப் படம் 1997இல், விடுதலையின் பொன்விழா ஆண்டில், வெளிவந்தது. 1971 டிசம்பரில் ராஜஸ்தானின் லோங்கேவாலா எல்லைச் சாவடியில் நடந்த சண்டை அதன் கதை. ஏறத்தாழ 120 பேர் கொண்ட இந்தியப் படைப்பிரிவு ஒன்று, டாங்கிகளோடு வந்த பெரும் பாகிஸ்தான் படையை இரவு முழுவதும் தடுத்து நிறுத்தியது. விடிந்ததும் இந்திய விமானப்படையின் ஹண்டர் விமானங்கள் வந்து டாங்கிகளை அழித்தன. அந்தச் சண்டையில் இந்தியத் தரப்பில் உயிரிழந்தவர்கள் இருவர் என்பதே பதிவு.

படத்திலோ முதன்மைப் பாத்திரங்கள் ஒருவர்பின் ஒருவராக வீழ்கிறார்கள். எல்லைப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த பைரோன் சிங் திரையில் வீரமரணம் எய்துகிறார். உண்மையான பைரோன் சிங் ராத்தோர் அந்தச் சண்டைக்குப் பின் அரை நூற்றாண்டு வாழ்ந்து, 2022 டிசம்பரில்தான் காலமானார். உயிரோடு ஊர் திரும்பிய ஒரு மனிதரைத் திரைக்கதை ஏன் கொல்ல வேண்டும்?

காரணம் எளியது. இத்தகைய படத்துக்கு மரணம் மூலதனம். ஒவ்வொரு சாவும் ஏதோ ஒன்றை வாங்கித் தர வேண்டும். நண்பன் விழுந்தால் கோபம் பிறக்கும், கோபத்திலிருந்து எதிரித் தரப்பில் பத்து உடல்கள் விழும், பார்வையாளருக்கு நிறைவு கிடைக்கும். கண்ணீர் இங்கே வெடிமருந்தாகப் பயன்படுகிறது. ஊரிலிருந்து வரும் கடிதங்களைப் பற்றி வீரர்கள் பாடும் நெடும்பாடல் இந்தப் படத்தில் உண்டு. நாடு முழுவதும் அது உருகிக் கேட்கப்பட்டது. அந்தப் பாடல் எழுப்பும் ஏக்கம் முழுவதும் பின்னால் வரும் சண்டைக் காட்சியில் செலவிடப்படுகிறது. படத்தின் இறுதியிலோ எதிரியைச் சகோதரன் என்று விளித்து அமைதி கோரும் பாடல் ஒன்றும் ஒலிக்கிறது. இயக்குநரின் மனத்தில் அது உண்மையான உணர்வாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஏறத்தாழ மூன்று மணி நேரம் கட்டியெழுப்பிய வெறியை ஒரு பாடல் கலைத்துவிடாது. பார்வையாளர் அரங்கிலிருந்து எடுத்துச் செல்வது வசனங்களைத்தான்.

இந்தப் படத்தில் விடுப்பு என்ன ஆகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மனைவி புற்றுநோயால் அவதியுறுவதால் மதுரா தாஸ் என்ற வீரன் விடுப்புக் கேட்கிறான். தளபதி விடுப்பைத் தருகிறார். ஆனால் போர் நெருங்கும் வேளையில் அவன் மகிழ்ச்சியோடு புறப்படுவதைக் கண்டு அவனைக் கடிந்து பேசுகிறார். வெட்கமுற்ற அவன் சண்டைக்குத் திரும்பி வந்து உயிர்விடுகிறான். இன்னொரு வீரன் திருமண இரவிலேயே அழைக்கப்பட்டுப் புறப்படுகிறான். கணவனுக்கு இடமாற்றம் கிடைக்க முயன்ற தளபதியின் மனைவி அவரது சினத்துக்கு ஆளாகிறாள். நோயுற்ற மனைவியின் பக்கம் நிற்பது கோழைத்தனத்தின் தொடக்கம், வீடு என்பது கடக்க வேண்டிய பலவீனம் என்பதே இவற்றின் பாடம். இங்கே வீட்டில் இருப்பவர்கள் அழலாம், கேள்வி கேட்கக்கூடாது.

வகுப்பறைக்குத் திரும்பியவன்

இதற்கு நேர் எதிரான ஒரு விடுப்பு 1930ஆம் ஆண்டுப் படமொன்றில் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாயாக இருந்த எரிக் மரியா ரெமார்க் எழுதி 1929இல் நூலாக வந்த நாவலைத் தழுவி, லூயிஸ் மைல்ஸ்டோன் அமெரிக்காவில் எடுத்த ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ அது. மேற்குப் போர்முனையில் எல்லாம் அமைதி என்பது தலைப்பின் பொருள்.

படம் போர்க்களத்தில் தொடங்கவில்லை, வகுப்பறையில் தொடங்குகிறது. வெளியே தெருவில் படை அணிவகுத்துச் செல்கிறது. உள்ளே ஆசிரியர் கான்டோரெக் தாய்நாட்டுக்காக உயிர்விடுவதன் பெருமையை மாணவர்களுக்கு முழங்குகிறார். பையன்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, படையில் சேர்வதாக அறிவிக்கிறார்கள். அவர்களில் ஒருவன்தான் பால் பாய்மர். பயிற்சி முகாமில் அவர்களை வாட்டி வதைக்கும் ஹிம்மல்ஸ்டோஸ், முந்தைய நாள்வரை அதே ஊரில் கடிதம் கொடுத்துவந்த தபால்காரர். சீருடை ஒரு சாதாரண மனிதனை என்ன செய்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்து வரும் தாக்குதல் காட்சி திரைப்பட வரலாற்றில் தனியிடம் பெற்றது. பதுங்குகுழியை நோக்கிப் பிரெஞ்சுப் படையினர் ஓடிவருகிறார்கள். இயந்திரத் துப்பாக்கி இடமிருந்து வலமாகச் சுடச் சுட, கேமராவும் அதே வேகத்தில் நகர்கிறது. வயலில் கதிர் சாய்வதுபோல் மனிதர்கள் சாய்கிறார்கள். இருவருக்கு இடையிலான வீரப் போட்டி எதுவும் இங்கில்லை. ஓர் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. பிறகு ஜெர்மானியர்கள் எதிர்த்தாக்குதல் நடத்தி முன்னேறுகிறார்கள். மீண்டும் பின்வாங்குகிறார்கள். இத்தனை சாவுக்குப் பிறகு இருதரப்பும் புறப்பட்ட இடத்திலேயே இருக்கின்றன. தாக்குதல் முடிந்ததும் உணவுக்காக வரிசை நிற்கிறது. சமையல்காரன் 150 பேருக்குச் சமைத்திருக்கிறான். உண்ண வந்தவர்கள் 80 பேர். எஞ்சியவர்கள் இரட்டைப் பங்கு கேட்டுச் சண்டையிடுகிறார்கள். இறந்தவர்களுக்காக அங்கே யாரும் அழவில்லை. இந்தச் சாவுகள் எதையும் வாங்கித் தரவில்லை, ஒரு வேளைச் சோற்றைத் தவிர.

வயிறு நிறைந்தபின் மரத்தடியில் கிடந்து அவர்கள் பேசிக்கொள்வது, போர் எப்படித் தொடங்குகிறது என்பதைப் பற்றி. ஒரு நாடு இன்னொரு நாட்டை அவமதிப்பதால் என்கிறான் ஒருவன். ஒரு நாட்டு மலை இன்னொரு நாட்டு வயலை அவமதிக்குமா என்று இன்னொருவன் கேட்கிறான். தங்களுக்குச் சண்டை வேண்டியிருக்கவில்லை, எதிரே இருக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் வேண்டியிருக்கவில்லை என்றால், பிறகு யாருக்கு வேண்டியிருந்தது என்று பேச்சு மன்னனை நோக்கியும், போரால் இலாபம் பெறுவோரை நோக்கியும் நகர்கிறது. படம் இதற்குமேல் செல்லவில்லை. காலனிகளுக்கும் சந்தைகளுக்குமான ஏகாதிபத்தியப் போட்டியே அந்தப் போரை விளைவித்தது என்ற உண்மை இதில் இல்லை. இது இப்படத்தின் எல்லை. ஆனால் கேள்வியைச் சிப்பாயின் வாயில் வைத்தது சாதாரணச் செயல் அல்ல.

காயமுற்ற பாலுக்கு விடுப்பு கிடைக்கிறது. ஊருக்கு வருகிறான். தாய் நோய்ப் படுக்கையில் இருக்கிறாள். தந்தையும் அவரது நண்பர்களும் மதுக்கடை மேசையில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, பாரிஸைப் பிடிக்க எந்த வழியாக முன்னேற வேண்டும் என்று அவனுக்கே பாடம் நடத்துகிறார்கள். அவன் ஏதோ சொல்ல முயலும்போது, சிப்பாய்க்குத் தன் பகுதிதான் தெரியும், முழு நிலவரம் தெரியாது என்று வாயடைக்கிறார்கள். அங்கிருந்து எழுந்து பழைய பள்ளிக்குப் போகிறான். கான்டோரெக் அதே வகுப்பறையில், இன்னும் இளைய பையன்களிடம், அதே உரையை நிகழ்த்திக்கொண்டிருக்கிறார். முன்னாள் மாணவனின் வீரத்தை எடுத்துரைக்குமாறு அவனை அழைக்கிறார். தாய்நாட்டுக்காகச் சாவது அழுக்கும் வலியும் நிறைந்தது, சாவதைவிட வாழ்வதே மேல் என்று பால் சொல்கிறான். பையன்கள் அவனைக் கோழை என்று கூவுகிறார்கள். விடுப்பு முடிவதற்கு முன்பே அவன் போர்முனைக்குத் திரும்பிவிடுகிறான். பொய் பேசும் ஊரைவிடப் பொய்யில்லாத பதுங்குகுழி அவனுக்குத் தாங்கக்கூடியதாகிவிட்டது.

இந்தக் காட்சித் தொடர்தான் படத்தின் முதுகெலும்பு. போர் எங்கே உற்பத்தியாகிறது என்பதை அது காட்டுகிறது: பதுங்குகுழியில் அல்ல, வகுப்பறையில், மதுக்கடை மேசையில், வரைபடத்தின் மேல். ‘பார்டர்’ படத்தின் விடுப்பில் சிப்பாய் வெட்கப்படுத்தப்படுகிறான். இந்தப் படத்தின் விடுப்பில், அவனை அனுப்பியவர்கள் வெட்கப்பட வேண்டியவர்கள் என்று பார்வையாளருக்குத் தெரிகிறது. இரண்டு இடத்திலும் ‘கோழை’ என்ற பழியே வருகிறது. முதல் படம் அந்தப் பழியை ஏற்கிறது. இரண்டாவது படம் அதைச் சொல்பவர்களின் முகத்தை நமக்குக் காட்டுகிறது.

பாலின் சாவும் அப்படியே. பதுங்குகுழி விளிம்பில் வந்தமர்ந்த ஒரு வண்ணத்துப்பூச்சியை எட்டிப் பிடிக்கக் கை நீட்டுகிறான். தொலைவிலிருந்து ஒரு குண்டு. திரையில் தெரிவது கை மட்டுமே; அது துடித்து அடங்குகிறது. இறுதி வசனம் எதுவும் இல்லை. பழிவாங்கப் புறப்படும் நண்பனும் இல்லை.

எலிகளை அவிழ்த்துவிட்டவர்கள்

எந்தப் படம் எத்தகையது என்பதை மற்றவர்களுக்கு முன் போர்வெறியர்கள் கண்டுகொள்கிறார்கள். 1930 செப்டம்பர் தேர்தலில் 107 இடங்களைப் பெற்று நாஜிக் கட்சி ஜெர்மன் நாடாளுமன்றத்தின் இரண்டாவது பெரிய கட்சியாகியிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் பெர்லினின் மொசார்ட்சால் அரங்கில் இப்படம் திரையிடப்பட்டபோது, கோயபல்ஸ் தலைமையில் நாஜிகள் அரங்கிற்குள் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டனர், நாற்றக் குண்டுகளை வீசினர், காட்சியை நிறுத்தினர். அடுத்த நாட்களில் தெருவில் ஆர்ப்பாட்டங்கள் தொடர்ந்தன. டிசம்பர் 11 அன்று தணிக்கை மேல்முறையீட்டு அமைப்பு படத்தைத் தடை செய்தது. ஜெர்மனியின் மதிப்புக்குப் பங்கம் என்பது சொல்லப்பட்ட காரணம். வன்முறையில் ஈடுபட்டவர்கள் தண்டிக்கப்படுவதற்குப் பதிலாக, வன்முறைக்கு உள்ளான படம் தண்டிக்கப்பட்டது. இந்த முறை இன்றைய இந்திய வாசகர்களுக்கு அந்நியமானதல்ல. படம் மறு ஆண்டு வெட்டுகளோடு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அதற்கு இடமே இல்லாமல் போயிற்று. ரெமார்க்கின் நூல் தீயிலிடப்பட்டது.

பாலாக நடித்த லியூ அயர்ஸ் இரண்டாம் உலகப் போரின்போது ஆயுதம் ஏந்த மறுத்து, மருத்துவப் பணியாளராகப் போர்முனையில் பணியாற்றினார் என்பதும் இப்படத்தின் வரலாற்றோடு சேர்த்துச் சொல்லத் தக்கது.

விடுப்பை நீக்கிய புதிய படம்

இதே நாவலை எட்வர்ட் பெர்கர் 2022இல் ஜெர்மன் மொழியில் மீண்டும் படமாக்கினார். சிறந்த அயல்மொழிப் படத்துக்கான விருது உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளை அது பெற்றது. அதன் தொடக்கம் பாராட்டத் தக்கது. தாக்குதலில் ஓர் இளைஞன் இறக்கிறான். அவன் உடலிலிருந்து சீருடை கழற்றப்படுகிறது, இரத்தம் போகத் துவைக்கப்படுகிறது, தையல் எந்திரங்கள் வரிசையாக ஓடும் கூடத்தில் பெண்கள் அதன் ஓட்டைகளைத் தைக்கிறார்கள், பிறகு அது புதிதாகச் சேர வந்த பாலின் கைக்கு வருகிறது. கழுத்துப் பட்டையில் வேறொருவன் பெயர் இருப்பதை அவன் சுட்டிக்காட்டுகிறான். அளவு சரியில்லாமல் திருப்பித் தரப்பட்டிருக்கும் என்று சொல்லி, அதிகாரி பெயரைக் கிழித்தெறிகிறார். போரை ஓர் உற்பத்தித் தொடராகவும் மனிதனை அதன் கச்சாப்பொருளாகவும் இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காட்சிகள் குறைவு.

ஆனால் இந்தப் படம் விடுப்பை முழுவதுமாக நீக்கிவிட்டது. நோயுற்ற தாய் இல்லை, வரைபடத்தின் மேல் படை நடத்தும் தந்தையின் நண்பர்கள் இல்லை, மீண்டும் வகுப்பறை இல்லை. அந்த இடத்தில் நாவலில் இல்லாத வேறொரு கதை நுழைக்கப்பட்டிருக்கிறது. ஒருபக்கம் ரயில் பெட்டியில் போர்நிறுத்தப் பேச்சு நடத்தும் எர்ஸ்பெர்கர். மறுபக்கம் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வரும் 11 மணிக்குச் சற்று முன்பு தன் கௌரவத்துக்காகப் படையைக் கடைசித் தாக்குதலுக்கு அனுப்பும் கற்பனைத் தளபதி ஒருவன். அந்தத் தாக்குதலில் பால் இறக்கிறான்.

இந்த மாற்றத்தின் விளைவு என்ன? பழைய படத்தில் ஆசிரியர், தந்தை, தபால்காரர் என ஒரு சமூகமே போரைச் செய்தது. புதிய படத்தில் வெறிபிடித்த ஒரு தளபதி செய்கிறான். அவனை வெறுத்துவிட்டுப் பார்வையாளர் நிம்மதியாக எழுந்துவிடலாம். மேலும் 1918 நவம்பர் 11 அன்று அதிகாலையில் ஒப்பந்தம் கையெழுத்தானபின்னும் 11 மணிவரை சாவு தொடர்ந்ததற்கு ஒரு தளபதியின் வெறி காரணமல்ல. உடனடியாகச் சண்டையை நிறுத்த வேண்டும் என்ற எர்ஸ்பெர்கரின் கோரிக்கையை நேசநாடுகளின் தலைமைத் தளபதி ஃபோஷ் ஏற்கவில்லை. இருதரப்புப் படைகளும் கடைசி மணிவரை சுட்டன. புதிய படத்தில் சேறும் இரத்தமும் பழையதைவிடப் பன்மடங்கு. ஆனால் போரின் வேர் எங்கே என்ற கேள்வியில் 92 ஆண்டுகளுக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படமே முன்னே நிற்கிறது.

நியாயமான போரும் கூரை வேய வேண்டிய வீடும்

இங்கே தோழர்களிடையே நியாயமாக எழக்கூடிய ஓர் ஐயம் உண்டு. எல்லாப் போர்களும் ஒன்றா? பாசிசத்தை எதிர்த்துச் செஞ்சேனை நடத்திய போரும் முதல் உலகப் போரும் ஒரே தராசில் நிறுக்கத் தக்கவையா? நிச்சயமாக இல்லை. அப்படியானால் நியாயமான போரைப் பற்றிய படம் போரைக் கொண்டாடித்தான் ஆக வேண்டுமா?

அதே செஞ்சேனையில் போரிட்டுக் காயமுற்ற கிரிகோரி சுக்ராய் 1959இல் எடுத்த ‘ஒரு சிப்பாயின் கதைப்பாடல்’ இதற்கு விடை தருகிறது. 19 வயது அல்யோஷா, தன்னைத் துரத்திவரும் டாங்கிகளுக்கு அஞ்சி ஓடுகிறான். ஓடிக் களைத்து, அச்சத்திலேயே இரண்டு டாங்கிகளைச் செயலிழக்கச் செய்கிறான். தளபதி பதக்கத்துக்குப் பரிந்துரைக்க முன்வருகிறார். அதற்குப் பதிலாக வீட்டுக்குப் போய்வர அனுமதி வேண்டும் என்கிறான் பையன். தாயின் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. போக இரண்டு நாள், வர இரண்டு நாள், கூரைக்கு இரண்டு நாள் என ஆறு நாள் விடுப்பு கிடைக்கிறது.

சண்டை சில நிமிடங்களில் முடிந்துவிட, படத்தின் பெரும்பகுதி இந்தப் பயணமே. காலிழந்து திரும்பும் ஒரு வீரன் மனைவியின் முகத்தில் விழிக்க அஞ்சித் தயங்குகிறான். அவன் வீடு சேர அல்யோஷா துணையிருக்கிறான். போர்முனையிலிருக்கும் ஒருவன் தன் மனைவிக்குக் கொடுத்தனுப்பிய சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு போனால், அவள் வேறொருவனோடு வாழ்கிறாள். சவர்க்காரத்தைத் திரும்பப் பெற்று அந்த வீரனின் தந்தையிடம் சேர்க்கிறான். இப்படி ஆறு நாட்களும் மற்றவர்களின் துயரங்களில் கரைந்துபோகின்றன. தாயைத் தழுவிக்கொள்ளச் சில நிமிடங்களே மிஞ்சுகின்றன. கூரை வேயப்படவில்லை. அவன் திரும்பி வரமாட்டான் என்பதைப் படம் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. அவனது சாவைக் காட்டவே இல்லை.

இந்தப் படம் அந்தப் போரின் நியாயத்தை ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை. அந்த நியாயத்தின் பெயரால் சாவை அழகுபடுத்தவும் இல்லை. ‘பார்டர்’ படத்தில் விடுப்புக் கேட்பது பலவீனம். இங்கே பதக்கத்தைவிடக் கூரை பெரிது என்று சொல்பவனே நாயகன். தளபதியும் அதை ஏற்றுக்கொள்கிறார். எல்லையில் நிற்கும் விவசாயி மகனின் தியாகத்தை நாங்கள் இழிவுபடுத்துவதாகக் குற்றம் சாட்டுவோருக்கு இந்தப் படத்தைக் காட்டலாம். அவன் வாழ வேண்டியவன் என்று சொல்வதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை.

உரைகல்லின் எல்லை

எந்த உரைகல்லுக்கும் எல்லை உண்டு. போரைப் பற்றிய எல்லாப் படங்களும் இறுதியில் போருக்கு ஆதரவாகவே முடிகின்றன என்ற பொருளில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ ஒருமுறை சொன்னார். திரையில் ஓடுவதும் வெடிப்பதும் தாமாகவே கிளர்ச்சியூட்டுபவை என்பதால் அதில் உண்மை உண்டு. வியத்நாம் போரை விமர்சித்த ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தின் ஹெலிகாப்டர் தாக்குதல் காட்சியைக் கண்டு, வளைகுடாப் போருக்குப் புறப்படவிருக்கும் அமெரிக்க மரைன் படைவீரர்கள் ஆரவாரிப்பதை 2005இல் வந்த ‘ஜார்ஹெட்’ படம் காட்டுகிறது. படத்தை விமர்சனமாக எடுத்தாலும், அதிலிருந்து ஒரு காட்சியை மட்டும் வெட்டியெடுத்தால் அது விளம்பரமாகிவிடும். விடுப்புக் காட்சியை யாரும் அப்படி வெட்டியெடுத்து ஆரவாரிக்க முடியாது என்பதும் அதன் வலிமைகளில் ஒன்று.

சிப்பாயே இல்லாத, போர் மக்களின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட படங்களுக்கு இந்த உரைகல் நேரடியாகப் பொருந்தாது. பெலோரஷ்யக் கிராமங்களை நாஜிகள் மக்களோடு எரித்ததைக் காட்டும் எலெம் கிளிமோவின் ‘வந்து பார்’ (1985) அத்தகையது. விடுப்பில் திரும்பிப் போக அங்கே வீடே மிஞ்சவில்லை.

கிளைகளிலும் வாசகர் வட்டங்களிலும் போர்ப் படமொன்றைத் திரையிட்டுப் பேசும்போது மூன்று கேள்விகள் போதும். வீட்டுக்கு வரும் சிப்பாயிடம் யார் பேசுகிறார்கள், அவன் பேச விடப்படுகிறானா? இறந்தவனின் சாவு கதையில் எதை வாங்கித் தருகிறது? போரை விரும்பியவர்களின் முகம் படத்தில் எங்கே இருக்கிறது. எதிரியின் பக்கம் மட்டுமா, நம் வகுப்பறையிலும் நம் மேசையிலுமா? தொலைக்காட்சி விவாத அரங்கில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு எந்த நகரத்தைப் பிடிக்க வேண்டும் என்று முழங்குவோரை இன்று நாள்தோறும் காண்கிறோம். 1930ஆம் ஆண்டுப் படம் அவர்களது மேசையை ஏற்கெனவே காட்டிவிட்டது. அந்த மேசையைக் காட்டத் துணியாத படம், எவ்வளவு கண்ணீர் சிந்தினாலும், அடுத்த வகுப்பறைக்கு ஆள் சேர்க்கும் படமே.